இறந்தகால இடைநிலையைக் கண்டறிவது எப்படி? பகுதியிலிருந்து வினைமுற்று வரை, பயிற்சிகளுடன்

‘செய்தான்’, ‘படித்தான்’, ‘நடந்தான்’ ஆகிய மூன்று சொற்களிலும் இறந்தகாலத்தைக் காட்டும் உறுப்பு எது என்று கேட்டால், முதற்சொல்லுக்கு ‘த்’ என்றும், இரண்டாவதற்கு ‘த்த்’ என்றும், மூன்றாவதற்கு ‘ந்த்’ என்றும் பலர் விடை எழுதுவர். மூன்றுக்கும் விடை ஒன்றே; அது ‘த்’. எஞ்சிய ஒற்றுகள் சந்தியாகவோ விகாரமாகவோ வந்தவை. இந்த ஒரு வேறுபாடு தெளிந்துவிட்டால், பகுபத உறுப்பிலக்கணத்தில் இறந்தகால வினைகளைப் பிரிப்பதில் ஏற்படும் குழப்பத்தின் பெரும்பகுதி நீங்கிவிடும். ஒரு பகுதியைக் கொடுத்தால் அதன் இறந்தகால வடிவத்தைப் பிழையின்றி அமைப்பதும், அமைந்த வடிவத்திலிருந்து இடைநிலையைச் சரியாகப் பிரித்தெடுப்பதும் எப்படி என்பதை இங்கே படிப்படியாகக் காண்போம்.

நான்கு இடைநிலைகள்

பகுதிக்கும் விகுதிக்கும் இடையில் நின்று காலம் காட்டுவது இடைநிலை. இறந்தகாலத்துக்கு உரியவையாக நன்னூல் த், ட், ற், இன் என்னும் நான்கைக் குறிப்பிடுகிறது.

செய் + த் + ஆன் = செய்தான்
உண் + ட் + ஆன் = உண்டான்
தின் + ற் + ஆன் = தின்றான்
ஓடு + இன் + ஆன் = ஓடினான்

தமிழ் எழுத்துமுறையில் இடைநிலையின் மெய்யும் விகுதியின் உயிரும் சேர்ந்து ஓர் உயிர்மெய்யாக எழுதப்படுவதால், இடைநிலை கண்ணுக்கு நேரே தெரிவதில்லை. ‘செய்தான்’ என்பதிலுள்ள ‘தா’வை ‘த் + ஆ’ என்று பிரித்த பிறகே ‘த்’ வெளிப்படும். எனவே எந்தச் சொல்லை எடுத்தாலும் முதலில் விகுதியை (ஆன், ஆள், ஆர், அர், ஏன், ஓம், ஆய், ஈர்கள், து முதலியவை) அதன் உயிரோடு சேர்த்துப் பிரித்து ஒதுக்கிவைக்க வேண்டும். பயிற்சிகளில் கோடிட்ட இடங்கள் சொல்லின் நடுவே இல்லாமல், பிரித்து எழுதிய வடிவில் அமைந்திருப்பதற்கும் இதுவே காரணம்.

படி 1: பகுதியையும் செயவென் எச்சத்தையும் எழுதுங்கள்

பகுதியைக் காண்பது எளிது. முன்னிலையில் ஒருவரை ஏவும் வடிவமே பகுதி: ஓடு, படி, நட, செல், கேள், வா.

ஆனால் பகுதி மட்டும் போதாது. ‘அறி’, ‘படி’ என்னும் இரண்டும் இகரத்தில் முடிகின்றன. ஆயினும் ஒன்று ‘அறிந்தான்’ என்றும் மற்றொன்று ‘படித்தான்’ என்றும் ஆகிறது. இந்த வேறுபாட்டை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பது செயவென் எச்சம். ‘அறிய’, ‘படிக்க’ என்று எழுதிப் பாருங்கள்: ஒன்றில் ‘க்க’ இல்லை, மற்றொன்றில் இருக்கிறது. இறந்தகால வடிவத்தைத் தீர்மானிப்பதில் இந்தச் சோதனையைவிட நம்பத்தக்க வேறொன்றை நான் கண்டதில்லை.

பகுதி ஒன்றாகவே இருந்து பொருள் இரண்டாகும் வினைகளில் இதன் பயன் இன்னும் தெளிவாகத் தெரியும். ‘படு’ என்பதற்குப் ‘பட’ என்று எச்சம் வந்தால் ‘பட்டான்’. ‘படுக்க’ என்று வந்தால் ‘படுத்தான்’. அவ்வாறே ‘கெட’ என்பது ‘கெட்டான்’ என்றும், ‘கெடுக்க’ என்பது ‘கெடுத்தான்’ என்றும் ஆகும்.

படி 2: ‘க்க’ வரும் வினைகள்

செயவென் எச்சத்தில் ‘க்க’ வந்தால், பெரும்பாலும் பகுதிக்கும் இடைநிலைக்கும் நடுவே ஒரு ‘த்’ சந்தியாகத் தோன்றும். இடைநிலையும் ‘த்’ ஆகையால் சொல்லில் ‘த்த்’ ஒலிக்கும்.

படி + த் + த் + ஆன் = படித்தான்
நினை + த் + த் + ஆன் = நினைத்தான்
எடு + த் + த் + ஆன் = எடுத்தான்

முதல் ‘த்’ சந்தி. இரண்டாவது ‘த்’ இறந்தகால இடைநிலை. இகரம், ஐகாரம், உகரம் ஆகியவற்றில் முடியும் பகுதிகளும், ‘பார்’, ‘சேர்’ போன்ற ரகர மெய்யில் முடியும் பகுதிகளும் ‘க்க’ பெறும்போது இவ்வாறு அமையும்.

பகுதி அகரத்தில் முடிந்தால் மட்டும் சந்தியாகிய ‘த்’ மெலிந்து ‘ந்’ ஆகிவிடும்: நடக்க, நடந்தான், பறக்க, பறந்தது, திறக்க, திறந்தான், மறக்க, மறந்தான், சுமக்க, சுமந்தான். இதனை நட + த்(ந்) + த் + ஆன் என்று பிரிக்க வேண்டும். ‘த்’ சந்தி, அது ‘ந்’ ஆனது விகாரம், அடுத்த ‘த்’ இடைநிலை. உகரத்தில் முடிந்தும் இந்த வழியில் செல்லும் சொல் ‘இரு’. ‘இருக்க’ என்று ‘க்க’ பெற்றாலும் அது ‘இருத்தான்’ ஆகாமல் ‘இருந்தான்’ ஆகிறது. மிகுதியாகப் பயிலும் சொல் ஆதலால் இதனைத் தனியே நினைவில் கொள்வது நல்லது.

படி 3: ‘க்க’ வராத வினைகள்

இங்குதான் சற்று நிதானம் தேவை. பகுதியின் ஈற்றைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

இகரம், ஐகாரம், ரகர மெய், ழகர மெய் ஆகியவற்றில் முடிந்தால் சந்தி ‘ந்’ ஆகத் திரிந்து வரும்: அறிந்தான், அலைந்தான், வளர்ந்தான், வாழ்ந்தான். பிரிக்கும் முறை ‘நடந்தான்’ என்பதற்குச் சொன்னதேயாகும்.

யகர மெய்யில் முடிந்தால், பகுதியின் முதலெழுத்து குறிலா நெடிலா என்று பாருங்கள். குறிலாயின் பெரும்பாலும் சந்தியே இல்லாமல் ‘த்’ மட்டும் வரும்: செய்தான், பெய்தது, நெய்தான், கொய்தாள், எய்தான். நெடிலாயின் ‘ந்’ சேரும்: காய்ந்தது, தேய்ந்தது, பாய்ந்தது, மேய்ந்தது, சாய்ந்தது.

உகரத்தில் முடியும் பகுதிகள் இரண்டாகப் பிரியும். தனிக்குறிலை அடுத்து டு, று ஆகியவை நின்றால் அந்த மெய் இரட்டிக்கும்: விடு, விட்டான், தொடு, தொட்டான், பெறு, பெற்றான். நெடிலை அடுத்தோ, பல எழுத்துகளை அடுத்தோ உகரம் நின்றால் ‘இன்’ வரும்: ஓடினான், பேசினான், வாங்கினான், எழுதினான், தள்ளினான். ‘போடு’ என்பது நெடிலைப் பெற்றிருந்தும் ‘போட்டான்’ என்றே வரும். ‘புறப்படு’, ‘சாப்பிடு’, ‘கூப்பிடு’ போன்றவற்றில் எழுத்துகளை எண்ணிக்கொண்டிராமல், இறுதியில் நிற்கும் ‘படு’, ‘இடு’ என்னும் வினையைப் பாருங்கள். அவை ‘பட்டான்’, ‘இட்டான்’ என்று ஆவது போலவே புறப்பட்டான், சாப்பிட்டான், கூப்பிட்டான் என்று ஆகும்.

‘ழு’ என்று முடியும் குறுஞ்சொற்களுக்கு விதி கைகொடுப்பதில்லை. எழ, விழ, அழ, உழ, தொழ என்று எச்சங்கள் யாவும் ஒரே வகையில் அமைந்திருக்க, எழு, விழு ஆகிய இரண்டு பகுதிகள் மட்டும் எழுந்தான், விழுந்தான் என்று ‘ந்’ பெறுகின்றன. அழுதான், உழுதான், தொழுதான் என்று மற்றவை பெறுவதில்லை. இவற்றைப் பழக்கத்தால்தான் அறிய முடியும்.

படி 4: ல், ள், ண், ன் ஈறுகள்

இந்த ஈறுகளில்தான் ‘ட்’, ‘ற்’ என்னும் இடைநிலைகள் பயில்கின்றன. ண், ள் ஆகியவற்றின் பின் ‘ட்’ வரும். ன், ல் ஆகியவற்றின் பின் ‘ற்’ வரும். பகுதியின் இறுதி மெய் என்ன ஆகிறது என்பதைச் செயவென் எச்சம் ஓரளவு சொல்லிவிடும்.

எச்சத்தில் ல், ள் மாறாமல் நின்றால் (செல்ல, வெல்ல, கொல்ல, கொள்ள, ஆள), அவை முறையே ன், ண் ஆகத் திரியும்: சென்றான், வென்றான், கொன்றான், கொண்டான், ஆண்டான். எச்சத்திலேயே அவை ற், ட் ஆகத் திரிந்துவிட்டால் (கற்க, விற்க, ஏற்க, கேட்க), இறந்தகாலத்திலும் அந்தத் திரிபே நிலைக்கும்: கற்றான், விற்றான், ஏற்றான், கேட்டான். ‘நிற்க’ என்பது மட்டும் ‘நிற்றான்’ ஆகாமல் ‘நின்றான்’ ஆகிறது.

செல்(ன்) + ற் + ஆன் = சென்றான்
கல்(ற்) + ற் + ஆன் = கற்றான்
கொள்(ண்) + ட் + ஆன் = கொண்டான்
கேள்(ட்) + ட் + ஆன் = கேட்டான்

அடைப்புக்குறிக்குள் இருப்பது பகுதியின் விகாரம். அதற்கு அடுத்து நிற்பதே இடைநிலை. ‘சொல்’ என்பது ‘சொன்றான்’ ஆகாமல் ‘சொன்னான்’ ஆவது வழக்கில் நிலைபெற்றுவிட்ட தனி வடிவம். ‘சொல்லினான்’ என்று ‘இன்’ பெற்ற வடிவமும் செய்யுளில் உண்டு.

ஒரே ஒலி, மூன்று பிரிப்புகள்

தேர்வுத்தாள்களில் மதிப்பெண் இழக்கப்படும் இடம் பெரும்பாலும் இதுவே. கேட்டான், விட்டான், கட்டினான் என்னும் மூன்று சொற்களிலும் ‘ட்ட்’ ஒலிக்கிறது. ஆனால் மூன்றிலும் காலம் காட்டும் உறுப்பு வேறு வேறானது.

‘கேட்டான்’ என்பதன் பகுதி ‘கேள்’. பகுதியில் டகரமே இல்லை. ளகரம் திரிந்து ஒரு ‘ட்’ ஆயிற்று. இடைநிலையாக வந்தது மற்றொரு ‘ட்’. ஆகவே இங்கே ‘ட்’ இடைநிலை உண்டு.

‘விட்டான்’ என்பதன் பகுதி ‘விடு’. டகரம் பகுதிக்குள்ளேயே இருக்கிறது. ‘விடு’ என்பது ‘விட்டு’ என்று ஒற்று இரட்டித்து, அந்த இரட்டிப்பினாலேயே இறந்தகாலம் காட்டுகிறது. எனவே இதனை விடு(விட்டு) + ஆன் என்று பிரித்து, ‘விட்டு என ஒற்று இரட்டித்து இறந்தகாலம் காட்டியது’ என்று எழுத வேண்டும். இங்கே தனியாக இடைநிலை இல்லை. ‘ட்’ இடைநிலை என்று எழுதுவது பிழை.

‘கட்டினான்’ என்பதன் பகுதி ‘கட்டு’. இரண்டு டகரமும் பகுதிக்கே உரியவை. காலம் காட்டுவது ‘இன்’.

கற்றான், பெற்றான், மாற்றினான் என்னும் மூன்றும் இதே முறையில் பிரியும். விகுதியை நீக்கியவுடன் பகுதியை ஏவல் வடிவில் எழுதிக்கொண்டு, ஒலிக்கும் மெய் பகுதியில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

‘இன்’ மறைந்து நிற்கும் இடங்கள்

‘ஓடினான்’ என்பதில் முழுமையாகத் தெரியும் ‘இன்’, ‘ஓடியது’ என்பதில் ‘இ’ ஆகக் குறைந்து நிற்கிறது: ஓடு + இ(ன்) + ய் + அ + து. இங்கே ‘ன்’ புணர்ந்து கெட்டது, ‘ய்’ உடம்படுமெய், ‘அ’ சாரியை. ‘போனான்’ என்பதிலோ இகரம் கெட்டு ‘ன்’ மட்டும் எஞ்சியிருக்கிறது.

இதற்கு நேர்மாறான மயக்கமும் உண்டு. ‘பாடினர்’, ‘வந்தனர்’ ஆகிய இரண்டும் ‘னர்’ என்றே முடிகின்றன. முன்னதில் அந்த ‘ன்’ இடைநிலையின் பகுதி: பாடு + இன் + அர். பின்னதில் அது ‘அன்’ சாரியையின் பகுதி: வா(வ) + த்(ந்) + த் + அன் + அர். முன்னதில் ‘ன்’ என்னும் மெய்க்கு முன் இகரமும், பின்னதில் அகரமும் நிற்பதைக் கவனித்தால் தடுமாற்றம் இராது.

பேச்சுவழக்கு எங்கே உதவும், எங்கே ஏமாற்றும்

தமிழ் பேசி வளர்ந்தவர்கள் ஐயம் ஏற்படும்போது தங்கள் பேச்சையே சோதனையாகக் கொள்ளலாம். இகர, ஐகார ஈறுகளில் எழுத்துத் தமிழின் ‘த்த்’ பேச்சில் ‘ச்ச்’ ஆகவும், ‘ந்த்’ என்பது ‘ஞ்ச்’ ஆகவும் ஒலிக்கும். ‘படிச்சான்’ என்பதிலிருந்து ‘படித்தான்’ என்பதையும், ‘தெரிஞ்சது’ என்பதிலிருந்து ‘தெரிந்தது’ என்பதையும் தயங்காமல் எழுதலாம். ‘முறிஞ்சது’, ‘முறிச்சான்’ என்னும் இணையிலும் இந்த வேறுபாடு சிதையாமல் இருக்கிறது.

ஆனால் ‘செஞ்சான்’ என்னும் பேச்சு வடிவத்தை இந்த வழியில் மாற்றினால் ‘செய்ந்தான்’ என்னும் பிழையான வடிவமே கிடைக்கும். ‘பெஞ்சது’ என்பதும் அவ்வாறே. குறிலை அடுத்த யகர ஈற்றுக்கு எழுத்தில் ‘ந்’ இல்லை என்னும் படி 3-இன் விதியையே அங்கே பின்பற்ற வேண்டும்.

ஒரு பகுதி, முழுமையாக: ‘சேர்’

‘அவன் பள்ளியில் சே____’ என்னும் தொடரையும், ‘அவன் மகனைப் பள்ளியில் சே____’ என்னும் தொடரையும் எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் பகுதி ‘சேர்’. முதல் தொடரில் அவனே சேர்கிறான். எனவே எச்சம் ‘சேர’. இரண்டாவதில் ‘மகனை’ என்னும் செயப்படுபொருள் இருக்கிறது. அவன் மற்றொருவரைச் சேர்க்கிறான். எனவே எச்சம் ‘சேர்க்க’.

‘சேர’ என்பதில் ‘க்க’ இல்லை, ஈறு ரகர மெய்; ஆகவே ‘ந்’ வரும்: சேர் + த்(ந்) + த் + ஆன் = சேர்ந்தான். ‘சேர்க்க’ என்பதில் ‘க்க’ உண்டு; ஆகவே ‘த்’ இரட்டும்: சேர் + த் + த் + ஆன் = சேர்த்தான். இரண்டிலும் இடைநிலை ‘த்’ ஒன்றே; பொருளை வேறுபடுத்துவது சந்தி திரிந்ததா இல்லையா என்பதே. வளர்ந்தான், வளர்த்தான், உடைந்தது, உடைத்தது, பிரிந்தான், பிரித்தான், மறைந்தான், மறைத்தான் எனப் பல இணைகள் இவ்வாறே அமைந்துள்ளன. ‘நான் பாலில் சர்க்கரையைச் சேர்ந்தேன்’ என்பது போன்ற பிழை நேர்ந்தால், தொடரில் ‘ஐ’ உருபு இருக்கிறதா என்று பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்; ‘ஐ’ உருபேற்ற செயப்படுபொருள் இருந்தால் இத்தகைய இணைகளில் பெரும்பாலும் ‘த்த்’ வடிவமே பொருந்தும். ‘அடை’ என்பதில் இந்தக் குறிப்பு செல்லாது; ‘வெற்றியை அடைந்தான்’, ‘துளையை அடைத்தான்’ என இரு வடிவமும் ‘ஐ’ உருபை ஏற்கும். அங்கே பொருளை நோக்கி, அடைய, அடைக்க என்னும் எச்சங்களையே நாட வேண்டும்.

பயிற்சி 1: பொருத்தமான இடைநிலையை நிரப்புக

1. பேசு + ____ + ஆள்
2. காண்(கண்) + ____ + ஏன்
3. நெய் + ____ + ஆர்
4. நில்(ன்) + ____ + ஆன்
5. கழுவு + ____ + ஓம்
6. ஆள்(ண்) + ____ + ஆன்

பயிற்சி 2: அடைப்புக்குறியிலுள்ள பகுதியின் இறந்தகால வினைமுற்றால் நிரப்புக

1. பெருங்காற்றில் மரக்கிளை ________. (முறி)
2. அவன் குச்சியை இரண்டாக ________. (முறி)
3. பந்து சுவரில் ________. (படு)
4. நாய் நிழலில் ________. (படு)
5. ஆடு புல்லை ________. (மேய்)
6. குழந்தை பசியால் ________. (அழு)
7. மாணவர்கள் காலையில் ________. (புறப்படு)

பயிற்சி 3: விடுபட்ட உறுப்புகளை நிரப்புக

1. பேசினர் = பேசு + ____ + ____
2. அறிந்தனர் = அறி + ____ + ____ + ____ + அர்
3. எழுதியது = எழுது + ____ + ய் + அ + து
4. வென்றாள் = வெல்(____) + ____ + ஆள்
5. தந்தீர்கள் = தா(____) + ____ + ____ + ஈர்கள்
6. கெட்டது = கெடு(____) + அ + து
7. கெடுத்தது = கெடு + ____ + ____ + அ + து

விடைகளும் விளக்கமும்

பயிற்சி 1: (1) இன், பேசினாள், (2) ட், கண்டேன், (3) த், நெய்தார், (4) ற், நின்றான், (5) இன், கழுவினோம், (6) ட், ஆண்டான். இரண்டாவதில் பகுதியின் நெடில் ‘கண்’ எனக் குறுகியது விகாரம்.

பயிற்சி 2: (1) முறிந்தது, (2) முறித்தான், (3) பட்டது, (4) படுத்தது, (5) மேய்ந்தது, (6) அழுதது, (7) புறப்பட்டனர் அல்லது புறப்பட்டார்கள். ஐந்தாவதில் ‘புல்லை’ என்று ‘ஐ’ உருபு இருந்தும் ‘ந்த்’ வடிவம் வந்திருக்கிறது. ‘மேய்’ என்பதன் எச்சம் இத்தொடரில் ‘மேய’ என்பதே. ‘மேய்க்க’ என்பது ஆட்டை ஓட்டிச் செல்பவரின் வினை. ஆறாவதில் ‘அழுந்தது’ என்று எழுதியவர்கள் ‘எழுந்தது’ என்பதன் போக்கைப் பின்பற்றியிருப்பர்.

பயிற்சி 3: (1) இன், அர், (2) த்(ந்), த், அன், (3) இ(ன்), (4) ன், ற், (5) த, த்(ந்), த், (6) கெட்டு, (7) த், த். முதல் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ‘பேசினர்’ என்பதில் சாரியை இல்லை என்பதும் ‘அறிந்தனர்’ என்பதில் உண்டு என்பதும் விளங்கும். ஆறாவதில் ‘ட்’ என்று இடைநிலை எழுதியிருந்தால், ‘ஒரே ஒலி, மூன்று பிரிப்புகள்’ என்னும் பகுதியை மீண்டும் ஒருமுறை படித்துவிட்டு, ‘தொட்டாள்’, ‘கேட்டாள்’, ‘தட்டினாள்’ என்னும் மூன்றையும் பிரித்துப் பாருங்கள்: தொடு(தொட்டு) + ஆள், கேள்(ட்) + ட் + ஆள், தட்டு + இன் + ஆள்.